கயல்விழியின் அக்கவுண்ட்

வெண்ணிலா எருமப்பட்டிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபோதே அந்த வீட்டில் கம்ப்யூட்டர் இருந்தது. நாத்தனார் கயல்விழியின் கல்லூரிப் படிப்புக்காக வாங்கியது. ஒன்பதாம் வகுப்போடு நின்றுவிட்ட வெண்ணிலாவுக்கு அதைத் தொடக் கூச்சம். வெங்காயம் உரிக்கும் சாக்கில் அந்த அறை வாசலில் உட்கார்ந்துகொள்வாள். எவரிடமும் எதுவும் கேட்க மாட்டாள், பார்ப்பாள். ஒரு வருடத்தில், எந்தப் பெயரை அமுக்கினால் எவருடைய திரை வரும் என்பது தெரிந்துவிட்டது. ஆங்கில எழுத்துகளைக் கூட்டிக் கூட்டிப் படிக்கவும் வந்துவிட்டது. மகள் பிரவீனாவுக்கு மொட்டையடித்துக் காது குத்திய படங்களைக் கயல்விழிதான் தன் அக்கவுண்ட்டில் ஏற்றி வைத்திருந்தாள். வேறு எங்கும் அவை இல்லை.

கயல்விழி கல்யாணமாகிச் சங்ககிரிக்குப் போய் எட்டு மாதம். ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் அவளிடமிருந்து ஃபோன் வந்தது.

“அண்ணி, கம்ப்யூட்டர்ல எடமில்லைன்னு அண்ணன் என்னோட அக்கவுண்ட்டை எடுக்கப் போறாங்களாமா?”

“ஆமா கயலு. ஞாயித்துக்கெழம. ஏன், உனக்கு வேணுமா?”

“வேண்டாம். நாலு வருஷமா நான் எழுதி வெச்சது அதுல கெடக்குது. ஆரும் படிக்கக் கூடாது அண்ணி. அண்ணன் முக்கியமா.”

என்ன எழுதினாய் என்று வெண்ணிலா கேட்கவில்லை. “நானே அழிச்சுப் போடட்டா?”

“எங்கெங்கயோ கெடக்குது, எனக்கே தெரியாது. அக்கவுண்ட்டோட மொத்தமாப் போகட்டும். பாப்பா படத்தை மட்டும் எடுத்துக்குங்க.” பாஸ்வேர்டை ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள்.

அன்றே வெண்ணிலா கயல்விழியின் பெயரை அமுக்கி உள்ளே போனாள். பாப்பாவின் படங்களுக்குப் பக்கத்திலேயே இன்னொரு ஃபோல்டர் இருந்தது. அதன்மேல் அம்புக்குறி ஒரு கணம் நின்றது. நகர்த்திக்கொண்டாள். படங்களைப் பென்டிரைவில் காப்பி செய்தாள். பென்டிரைவைத் திறந்து பத்துப் படங்களைப் பார்த்த பிறகே சைன் அவுட் செய்தாள்.

வெண்ணிலாவின் கணவன் மாதேஸ்வரனுக்குக் கோழித்தீவன மில்லில் வேலை, ஞாயிறுதான் லீவு. சாப்பிட்டுவிட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தான். மற்றவர்களின் அக்கவுண்ட்டை எடுக்கும் அதிகாரம் அவனுடைய அக்கவுண்ட்டுக்குத்தான் உண்டு. தங்கையின் பெயரை அமுக்கி, நீக்கச் சொன்னான். ஃபைல்களை அழிக்கட்டுமா, வைத்துக்கொள்ளட்டுமா என்று திரை கேட்டது.

“அட! ‘கீப் ஃபைல்ஸ்’னு குடுத்தா அவ எழுதுனது, போட்டோ எல்லாத்தையும் ஒரே ஃபோல்டராப் போட்டு என்னோட டெஸ்க்டாப்புல வெச்சிருமாமா. நல்லதாப் போச்சு. சாவகாசமா ஒண்ணொண்ணாப் பாத்துக்கலாம்.”

வெண்ணிலா மோர் டம்ளரோடு பக்கத்தில் நின்றிருந்தாள். கல்யாணமாகி ஒன்பது வருடத்தில் அவனிடம் எதையும் வேண்டாம் என்று சொன்னதில்லை.

“ஏனுங்க.”

“ம்?”

“எல்லாத்தையும் வெச்சுக்கிட்டா எடம் எப்புடீங்க காலியாகும்?”

அவன் திரும்பிப் பார்த்தான். “அட, ஆமா புள்ள. ஆனா பாப்பா மொட்டைப் படமெல்லாம் இதுலதான இருக்குது?”

“பென்டிரைவ்ல எடுத்து வெச்சுட்டனுங்க.”

“நீயா? பாஸ்வேர்டு?”

“கயலு சொல்லுச்சுங்க.”

“எங்கிட்டச் சொல்லலியே.”

“நீங்க கேக்கலீங்களே.”

அவன் சிரித்துவிட்டான். “வெங்காயம் உரிச்சே இஞ்சினியர் ஆயிட்ட போ.” ஆனாலும் மவுஸ் நகரவில்லை. “இருந்தாலும் அந்தப் புள்ள எழுதுனதைப் பாக்காம அழிக்க மனசு வரல. ரீசைக்கிள் பின்னுலயாச்சும் கெடக்குமில்ல?”

“அதுல போகாதுங்க. போனா போனதுதான்.” டம்ளரை மேசைமேல் வைத்தாள். “அப்புடிப் போகோணும்னுதானுங்க கயலு கேட்டுச்சு.”

நெடுநேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்த மாதேஸ்வரன், ‘டெலீட் ஃபைல்ஸ்’ஸை அமுக்கினான். நிச்சயமாகவா என்று திரை இன்னொரு தடவை கேட்டது. அவன் மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டு மோரை எடுத்துக்கொண்டான்.

“நீயே அமுக்கு.”

வெண்ணிலா குனிந்து அமுக்கினாள். கொஞ்ச நேரம் வட்டம் சுற்றியது. அப்புறம் பட்டியலில் மாதேஸ்வரனின் பெயர் மட்டும் இருந்தது.

பாத்திரம் கழுவிவிட்டு, பின்வாசலில் நின்று ஃபோன் செய்தாள்.

“ஆச்சு சாமி.”

“அண்ணன் பாத்தாங்களா?”

“இல்ல.”

“நீங்க?”

“நானும் இல்ல.”

கயல்விழிக்குப் பின்னால் லாரிகள் போகும் சத்தம் வந்துகொண்டே இருந்தது. வெண்ணிலா ஃபோனை வைக்கவில்லை.

“அடுத்த வாரம் வாரேன் அண்ணி,” என்றாள் கயல்விழி கடைசியில். “நானே சொல்றேன் உங்களுக்கு.”

“சொன்னாச் சொல்லு, இல்லாட்டிப் போகுது. சாப்பிட்டயா?”