கூழாய்ப் போன அவல்

காலை ஆறே முக்காலுக்கு அவல் கூழானது. கடல் ஊருக்குள் வந்து ஒன்பது நாள். மரக்காணம் பள்ளிக்கூட முகாமில் நாங்களேதான் சமைத்தோம். புது மூட்டையில் இருந்தது மெல்லிய அவல். நானோ கெட்டி அவல் என்று நினைத்துப் பத்து நிமிடம் ஊறவைத்துவிட்டேன்.

"விடுங்கக்கா, சாப்பாட்டுப் பொட்டலம் வரவழைச்சிடலாம்," என்றார் முகாம் பொறுப்பாளர்.

"பொட்டலத்தை என் பொண்ணு தொடவே மாட்டேங்குது. ஒரு அண்டா கெட்டதுக்கு அடுப்ப அணைச்சிடுவனா?"

மூட்டையில் மிச்சமிருந்த அவலைச் சல்லடையில் கொட்டி, ஒரே தடவை தண்ணீர் ஊற்றி அலசி, உடனே வடித்தேன். ஒட்டியிருந்த ஈரத்திலேயே ஐந்து நிமிடத்தில் மெத்தென்று உதிரியாக ஆனது. தாளித்துக் கிளறினேன்.

இத்தனை நாளும் சரியாகச் சாப்பிடாத மகள் தட்டோடு வந்தாள்.

"உப்பு பத்தலம்மா. போட்டுட்டு இன்னும் கொஞ்சம் வை."