வராத பிள்ளைக்குப் பூச்சியம் போடாதே

எனக்குப் பன்னிரண்டு வயதாக இருந்தபோது, சின்னம்மாவுக்கு டெங்குக் காய்ச்சல் வந்த அதே வாரத்தில்தான் வலயக் கல்விக் கந்தோரும் அவசரப்பட்டது. சின்னம்மா முசலிப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் ஒன்பதாம் தரத்துக்கு வகுப்பாசிரியை. அந்தப் பள்ளிக்கூடம் ஒன்பதோடு முடிகிறது. அதற்கு மேல் படிக்க விரும்பும் பிள்ளைகளில் சிலரை மன்னார் நகரத்தில் விடுதியோடு சேர்த்துப் படிப்பிக்கப் போகிறார்களாம். மூன்று தவணைக்கும் சேர்த்துச் சராசரி அறுபதுக்கு மேல் இருக்க வேண்டும். புள்ளிகளைக் கையால் எழுதி அனுப்பினால் பார்க்க மாட்டார்கள், எக்செல்லில் திங்கட்கிழமை காலைக்குள் வர வேண்டும்.

சின்னம்மா பெரியாஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி, மூன்று புள்ளி அட்டவணைகளின் படங்களை அம்மம்மாவின் போனுக்கு அனுப்பிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். அம்மா அவருக்குத் துணையாக ஆஸ்பத்திரியில். அப்பா கடலில். வீட்டில் மிஞ்சியது ஓய்வு பெற்ற கணித ரீச்சரான அம்மம்மாவும், கணினி தெரியும் என்று ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்த நானும்.

மாமாவின் மேசையில்தான் லப்டொப்பை வைத்தோம். அம்மாவுக்குத் தம்பியான மாமாவை நான் கண்டதே இல்லை. அவர் எங்கேயோ வெளிநாட்டில், போன் எடுக்க வசதியில்லாத ஓரிடத்தில் இருக்கிறார் என்று நானாகவே முடிவு செய்து வைத்திருந்தேன். அவருடைய மேசையில் யாரும் சாமான் வைக்கக் கூடாது. அன்றைக்கு அம்மம்மாவே அதைத் துடைத்து இடம் தந்தபோது, விஷயம் பெரிது என்று எனக்கு விளங்கியது.

படங்களைத் திறந்து பார்த்தேன். முதற்படத்தில் சின்னம்மாவின் கை நிழல். இரண்டாவது சரிந்து கிடந்தது. மூன்றாவதில் வலது ஓரம் வெட்டுப்பட்டு, மொத்தம் எழுதிய நிரலே இல்லை.

"இதுக்கெல்லாம் ஒரு அப் இருக்கு, அம்மம்மா. படத்தைக் காட்டினால் அதுவே அட்டவணையாக்கித் தரும்" என்றேன்.

"அதுவே தந்தால் பிறகு நாங்கள் எதுக்கு, மோனை?"

தந்தது. ஆனால் தந்த விதம் கண்றாவி. அந்த வகுப்பில் பிள்ளைகள் படிப்பது பத்துப் பாடம், அட்டவணையில் இருப்பதோ பன்னிரண்டு நிரல். இஸ்லாம், கத்தோலிக்கம், சைவநெறி என்று சமயத்துக்கு மட்டும் மூன்று. ஒவ்வொரு பிள்ளைக்கும் அதில் ஒன்றில்தான் புள்ளி இருக்கும், மற்ற இரண்டும் வெறுங்கட்டம். அப்புக்கு வெறுங்கட்டம் பிடிக்கவில்லை. இடைவெளியைக் கண்ட இடமெல்லாம் அடுத்த புள்ளியை இடப்பக்கம் தள்ளிவிட்டது. மீன்பிடிக்காரர் வீட்டுச் சைவப் பிள்ளை இஸ்லாம் பாடத்தில் எழுபத்திரண்டு எடுத்திருந்தாள். கத்தோலிக்கப் பையனின் தமிழ்ப் புள்ளி சைவநெறிக்குள் போய் இருந்தது. அம்மம்மா சிலுவை போட்டுக்கொண்டார். அது பக்தியா பயமா என்று நான் கேட்கவில்லை.

ஒரு வரிசை ஒரு வரிசையாகப் புள்ளிகளை இழுத்தும், இழுபடாததைத் திரும்பத் தட்டியும் உரிய நிரலில் வைத்தேன். பிறகு அம்மம்மா தன் பழைய பாடத்தைத் தொடங்கினார். சின்னம்மா எழுதிய மொத்தம் ஒரு நிரலில், கணினி கூட்டும் மொத்தம் பக்கத்து நிரலில், இரண்டுக்கும் வித்தியாசம் அதற்கடுத்ததில். வித்தியாசம் பூச்சியமாக வராத வரிசைகளில் மட்டும் நாங்கள் தேடினால் போதும்.

ஒன்றில் எண்பது குறைந்தது. புள்ளிகளைப் பார்த்தால் எல்லாம் சரியாகவே இருந்தன. நான்தான் கவனித்தேன், மற்ற எண்களெல்லாம் கட்டத்தின் வலப்பக்கம் ஒட்டி நிற்க, அந்த எண்பது மட்டும் இடப்பக்கம் நின்றது. அந்த அப், பூச்சியத்துக்குப் பதிலாக ஆங்கில எழுத்து ஓவைப் போட்டிருந்தது. கணினிக்கு அது எண்ணே அல்ல, சொல். சொல்லை அது கூட்டாது. மாற்றித் தட்டினேன், மொத்தம் சரியாயிற்று. அம்மம்மா என் தலையைத் தடவினார். எனக்கு அப்போதே கல்விப் பணிப்பாளராகிவிட்ட எண்ணம்.

அடுத்ததில் இருபத்தேழு கூடியது. அம்மம்மா திரையைப் பார்க்காமலே, "ஒன்பதாலை பிரிபடுது. எங்கையோ ரெண்டு இலக்கத்தை இடம் மாத்திப் போட்டாய்" என்றார். பார்த்தால் முப்பத்தாறை அறுபத்து மூன்றாக்கியிருந்தேன். பணிப்பாளர் பதவி அந்த நிமிடமே பறிபோனது.

வெறுங்கட்டங்கள்தான் கரைச்சல் என்று எனக்குப் பட்டது. அம்மம்மா தேத்தண்ணி போடப் போன நேரத்தில், காலியாய்க் கிடந்த எல்லாவற்றிலும் பூச்சியத்தை நிரப்பினேன். மொத்தங்கள் அசையவில்லை, வித்தியாசமெல்லாம் பூச்சியம். அட்டவணை ஒழுங்காகத் தெரிந்தது. மூன்றாம் தவணையில் ஒப்பிட மொத்தம் இல்லாததால், அம்மம்மா படத்தைப் பார்த்து வாசிக்க, நான் திரையில் சரிபார்த்தேன். பிறகு சராசரி போட்டோம்.

ஒரு பிள்ளைகூட அறுபது இல்லை.

அம்மம்மாவின் கை தேத்தண்ணிக் கோப்பையில் அப்படியே நின்றது. "கொண்டச்சிப் பிள்ளைக்கு எவ்வளவு?" என்றார். சின்னம்மா எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் அந்தப் பிள்ளையின் கதைதான். கொண்டச்சிக் கிராமத்தில் கடற்தொழில் செய்யும் முஸ்லிம் வீட்டில் மூத்தவள். விடுதி கிடைக்காவிட்டால் ஒன்பதோடு நிற்பாட்டிவிடுவார்கள் என்று தகப்பன் நேரே சொல்லிவிட்டாராம்.

"முதல் தவணை ஐம்பது தசம் நாலு."

"மொத்தம்?"

"அறுநூற்றைந்து."

"பத்துப் பாடத்திலை அறுநூற்றைந்து எடுத்த பிள்ளைக்கு எப்பிடியடா ஐம்பது வரும்?" மேசையில் விரலால் எதையோ எழுதி அழித்தார். "இது பன்னிரண்டாலை பிரிச்சிருக்கு. என்ன செய்தனீ?"

சொன்னேன். அம்மம்மா ஏசியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். அவர் கதிரையை இழுத்து என் பக்கத்தில் இருந்து, மெதுவாகச் சொன்னார். கூட்டலுக்குப் பூச்சியமும் வெறுங்கட்டமும் ஒன்றுதான். சராசரிக்கு அப்படியல்ல. பூச்சியம் போட்டால் அதையும் ஒரு பாடமாக எண்ணிப் பிரிக்கும், வெறுமையாக விட்டால் எண்ணாது. "முஸ்லிம் பிள்ளை சைவநெறியிலை பூச்சியம் எடுக்கேல்லை, அப்பன். அவள் அந்தச் சோதினைக்கே போகேல்லை."

சமய நிரல்களில் போட்ட பூச்சியங்களையெல்லாம் அழித்தேன். சராசரிகள் ஒவ்வொன்றாக எழும்பின. ஐந்து பிள்ளைகள் அறுபதைத் தாண்டினார்கள். கொண்டச்சிப் பிள்ளைக்கு முதலிரு தவணைகளும் அறுபது தசம் ஐந்து, அறுபத்தொன்று. மூன்றாம் தவணை ஐம்பத்தைந்து தசம் எட்டு. மூன்றும் சேர்ந்து ஐம்பத்தொன்பது தசம் ஒன்று.

அறுபதுக்கு ஒன்றுகூட முழுசாய்க் குறையவில்லை.  காணாத ஒரு பிள்ளைக்காக நான் பயப்பட்டது அதுதான் முதல் தடவை. மின்சாரமும் அந்த நேரம் பார்த்துப் போனது. லப்டொப்பின் பற்றரியில் அரைவாசிதான் இருந்தது.

"எந்தப் பாடம் விழுத்தினது?"

"விஞ்ஞானம். பூச்சியம்." முன்னிரண்டு தவணைகளிலும் அவள் அதில் எழுபதுக்கு மேல்.

"நான்தானே வாசிச்சனான்" என்று அம்மம்மா முணுமுணுத்தார். போனை வாங்கி, விரலால் அந்தக் கட்டத்தைப் பெருப்பித்தேன். வட்டமாகத்தான் இருந்தது. ஆனால் வலப்பக்கத்தில் மெல்லிய கோடு ஒன்று கீழே இறங்கியது. பேனை வழுக்கியதாகவும் இருக்கலாம். வேறொன்றாகவும் இருக்கலாம்.

"இது 'வ' வோ?" என்றேன். வராத பிள்ளைக்குச் சிலர் 'வ' என்று மட்டும் போடுவார்கள். அவசரத்தில் எழுதிய 'வ'வை அந்த அப், பூச்சியமாக வாசித்திருக்கலாம். அம்மம்மாவின் கண்ணாடியும் அப்படியே வாசித்திருக்கலாம்.

"அப்ப அழிச்சுவிடட்டே? அறுபதுக்கு மேலை வந்திடும்."

"பொறு." அம்மம்மா என் கையைப் பிடித்துவிட்டார். "அறுபது வரவேணும் எண்டதுக்காக அழிக்கக் கூடாது. வ எண்டால்தான் அழிக்கலாம்."

சின்னம்மாவின் போன் ஓய்ந்து கிடந்தது. அம்மாவின் போன் மணியடித்து மணியடித்து நின்றது. வார்ட்டுக்குள் போன் எடுக்க விடமாட்டார்களாம். தேவாலயத்தில் சனிக்கிழமை அந்தி நேரப் பூசைக்கு மணி அடித்தது. அம்மம்மா பூசைக்குப் போகவில்லை. எனக்கு நினைவு தெரிந்து அப்படி நடந்ததில்லை. கோவில் பக்கமாக ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டு, மறுபடியும் எண்ணை அழுத்தினார்.

கடைசியில் அம்மாவே எடுத்தார். கேள்வியை மூன்று முறை திருப்பிச் சொல்ல வேண்டியிருந்தது. காய்ச்சல்காரியை எழுப்பிக் கேட்டு, பதிலை எங்களுக்குச் சொல்ல நெடுநேரம் எடுத்தது.

"வரேல்லையாம் அம்மா. அண்டைக்குப் பஸ் வரேல்லையாம். பிள்ளை றோட்டிலை நிண்டு அழுதுபோட்டு வீட்டை போனதாம். அதிபருக்கும் தெரியுமாம்."

அம்மம்மா பெருமூச்சு விட்டார். நான் பூச்சியத்தை அழிக்கப் போனேன். "வெறுமையா விடாதை. ஆரும் எழுத மறந்ததெண்டு நினைப்பினம். 'வ.இ.' எண்டு போடு" என்றார். வரவு இல்லை. அது சொல் என்பதால் சராசரி அதை எண்ணவில்லை. ஒன்பது பாடத்தில் ஐந்நூற்று ஐம்பத்தெட்டு, அறுபத்திரண்டு. மூன்று தவணைக்கும் அறுபத்தொன்றுக்குச் சற்று மேல். அட்டவணையின் அடியில், பஸ் வராததால் பிள்ளை தோற்றவில்லை, அதிபரிடம் கேட்டறியலாம் என்று ஒரு வரியும் தட்டுவித்தார். ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் இன்னொரு முறை சரிபார்த்து, அதிபருக்கு அனுப்பினோம்.

அந்தப் பிள்ளைக்கு விடுதி கிடைத்தது. சின்னம்மா சுகமாகி வந்து அதைச் சொன்னபோது, நான்தான் காப்பாற்றினேன் என்று பள்ளிக்கூடம் முழுக்க அளந்தேன். ஒன்பதாலை பிரிபடுகிற கதையை மட்டும் விட்டுவிட்டேன்.

அதற்கு அடுத்த கிழமை, குடும்ப விபரம் புதுப்பிக்கக் கிராம சேவகர் வந்தார். அவரும் அம்மம்மாவிடம் படித்தவர். மேசையருகில் அமர்ந்து ஒவ்வொரு பெயராகச் சரிபார்த்தவர் மாமாவின் பெயரில் நின்றார்.

"ரீச்சர், கோவிக்காதேங்கோ. காணாமல் போய்ப் பதினாலு வருசமாச்சு. இறந்தவர் எண்டு பதிஞ்சால் உங்களுக்கும் அலுவலெல்லாம் லேசு. பதியட்டே?"

"வரேல்லை எண்டு எழுதுங்கோ."

"அப்பிடி எழுத இதிலை இடமில்லையே, ரீச்சர்."

அம்மம்மா மேசையின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். ரீச்சருக்கே விடை மறந்துபோயிற்று என்று நினைத்து, அது எனக்குத் தெரியும் என்ற சந்தோஷத்தில், நான் எழும்பி நின்று கிராம சேவகருக்குச் சொல்லிக் கொடுத்தேன்.

"வ.இ. எண்டு போடுங்கோ. அதைக் கணக்கிலை எடுக்காது."

கிராம சேவகர் பேனையை மூடி வைத்தார். அம்மம்மா என்னை இழுத்து நெஞ்சோடு அணைத்து அழத் தொடங்கினார். நான் சொன்ன விடை சரியென்றபடியால்தான் அழுகிறார் என்று நினைத்தேன்.