சிப்ஸ் பையில் குறைந்த ஒரு கிராம்

ஏழாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். அதன்பிறகு கல்குவாரி, மங்களூரில் ஐஸ் பிளாண்ட், சேலத்தில் லாரி கிளீனர் என்று சுற்றி, கடைசியில் கேரள எல்லையோரம் பாறசாலையில் ஒரு சிப்ஸ் கடையில் வந்து ஒட்டினேன். பையில் சிப்ஸ் நிறைத்து, மிஷினில் வாயைச் சீல் வைப்பது என் வேலை. நாற்பத்தி மூன்று வயதில் ஞாயிற்றுக்கிழமைப் பத்தாம் வகுப்பில் சேர்ந்தேன். படிப்பை விட்ட பெரியவர்களுக்காக நெய்யாற்றின்கரைக்குப் போகும் வழியில் ஒரு பள்ளியில் நடக்கும் வகுப்பு அது. ரப்பர் மரத்தில் பால் வெட்டும் அக்கா ஒருத்தி, ஆட்டோ ஓட்டும் ஒருவர், காரக்கோணம் ஆஸ்பத்திரியில் துப்புரவு செய்யும் இரண்டு பெண்கள், நான். டீச்சருக்கு எங்கள் எல்லோரையும் விட வயது குறைவு.

ஒரு ஞாயிறு, பொருள் மாறினாலும் எடை மாறாது என்று காட்டும் பரிசோதனை. பையும் தராசும் சீல் மிஷினும் நான் கடையிலிருந்து எடுத்துப் போனேன். பள்ளியில் என்னிடம் யாராவது ஒரு பொருள் கேட்டது அதுதான் முதல் தடவை.

ஒரு கிலோ பிடிக்கும் பை. ஒரு மூலையில் ஒரு ஸ்பூன் சோடா உப்பைப் போட்டு, முறுக்கி, வெளியே ரப்பர் பேண்ட் கட்டினேன். மறுபக்கம் அரை கிளாஸ் வினிகர். காற்றை அழுத்தி வெளியேற்றிவிட்டுச் சீல் வைத்தேன். எழுபத்தி நாலு கிராம். டீச்சர் போர்டில் எழுதினார். ரப்பர் பேண்டை அவிழ்த்துக் குலுக்கினேன். நுரை பொங்கியது, பை தலையணை போல உப்பியது, கை சில்லென்றது. தராசில் வைத்தோம். எழுபத்தி மூன்று.

“ரப்பர் பேண்டை வச்சீங்களா, அண்ணா?” என்று டீச்சர் கேட்டார்.

பைக்குப் பக்கத்தில் தட்டிலேயே கிடந்தது. இன்னொரு பை செய்தோம். அதிலும் ஒன்று குறைந்தது.

ஆட்டோக்காரர் சிரித்தார். “எலே மக்கா, உனக்க சீலுல ஓட்டையாக்கும். இனி உங்க கடை சிப்ஸ் எப்பிடி நான் வாங்குவேன்?”

“போவும் ஓய். ஓட்டை உண்டுண்ணா காட்டும்.”

பையை வாளித் தண்ணீரில் முக்கி அழுத்திப் பிடித்தேன். ஒரு குமிழிகூட வரவில்லை. ரப்பர் வெட்டும் அக்கா முகத்தைத் தண்ணீர்மட்டத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, “ஒண்ணும் இல்ல டீச்சரே” என்றாள்.

“கண்ணுக்குத் தெரியாத்த ஓட்டை உண்டும்” என்றார் ஆட்டோக்காரர்.

டீச்சர் கடிகாரத்தைப் பார்த்தார். நேரமாகிவிட்டது. முடிவு என்ற இடத்தில் ‘பை கசிந்திருக்கலாம்’ என்று எழுதச் சொன்னார். எல்லோரும் எழுதினார்கள். நான் அந்த வரியை எழுதவில்லை.

முதலாளியின் மச்சினன் ஓசூரில் சிப்ஸ் கடை திறந்து, சில மாதமாக என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். ஞாயிறு வகுப்பைச் சொல்லித் தள்ளிப்போட்டு வந்தேன். அந்த ஞாயிறு கழிந்த வியாழக்கிழமை ஓசூருக்கு பஸ் ஏறினேன். யாராவது குறை சொன்னால் இடத்தை விட்டுப் போவது எனக்குப் பழக்கம். கூலி பாக்கியைக்கூட விட்டுப் போயிருக்கிறேன். ஆனால் இந்தத் தடவை மார்த்தாண்டம் தாண்டும்போதே அந்த பெஞ்சு மனதில் வந்துவிட்டது. அக்காவுக்கும் சுவருக்கும் நடுவே என் இடம்.

இரண்டு வாரம் கழித்து டீச்சர் போன் செய்தார்.

“அண்ணா, உங்க சீல் நல்லதாக்கும். தப்பு எனக்க பக்கத்துல. பை ஊதும்போ சுத்தி இருக்க காத்தைத் தள்ளுது. அந்தக் காத்து பையை மேல தூக்கும், கிணத்துல வாளி தண்ணிக்குள்ள லேசா இருக்குமே, அதுபோல. உள்ள இருந்தது எல்லாம் உள்ளதான் இருக்கு. தராசுதான் கொறச்சுக் காட்டுச்சு.”

“காத்து நிறைச்சுக் கட்டுற சிப்ஸ் பை கொறயாதே டீச்சரே?”

“அதுல வெளிய உள்ள அதே காத்துதானே உள்ளயும் இருக்கு. தூக்குறதும் அதுக்க எடையும் சமம். நீங்க கேப்பீங்கண்ணு நெனச்சேன்.”

கனமான சோடா பாட்டிலில் மறுபடி செய்தார்களாம். பாட்டில் ஊதாது, மூடியிருந்தவரை எடை மாறவே இல்லை. மூடியைத் திறந்ததும் ‘புஸ்’ என்று போய், எடையும் குறைந்ததாம். எல்லோரும் நோட்டில் அந்தக் கடைசி வரியை அடித்துவிட்டார்களாம். ஆட்டோக்காரர் இரண்டு தடவை அடித்தாராம்.

அந்தப் பாட்டிலை நான் பார்க்கவில்லை. மூடியைத் திறந்த சத்தத்தைக் கேட்கவில்லை. எத்தனையோ ஊரை விட்டு வந்திருக்கிறேன். ஒன்றுக்கும் திரும்ப ஆசைப்பட்டதில்லை. அந்த ஒரு மணி நேரத்துக்கு ஆசைப்படுகிறேன்.

“உங்க பேரை வெட்டல்ல. ஞாயித்துக்கிழமை வாறீங்களா?” என்று கேட்டார்.

எண்ணெய் காய்கிறது, பிறகு கூப்பிடுகிறேன் என்று போனை வைத்தேன். அப்போது அடுப்பே மூட்டவில்லை.