பந்துக்குப் போன கை

டானியலாவுக்கு ஒரு இடத்தில் நிற்கத் தெரியாது. எம்ஆர்டி ரயில் வரும்வரை நடைமேடையின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டே இருப்பாள். கூட வருகிற எனக்குத் தலை சுற்றும். அவளுக்குப் பொங்கோல் பகுதியில் ஒரு பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் வேலை. அங்கும் அவளுக்குப் போட்ட நாற்காலி வீண்தான். வலியோடு வந்து கத்துகிறவர்களிடம் நின்றபடியே பேசிப் பாதியை ஆற்றிவிடுவாள். ஞாயிற்றுக்கிழமை விசில் வாயில் ஏறியதும் அவளுக்கு ஓட ஒரு காரணம் கிடைத்துவிடும்.

கூடைப்பந்தில் நானும் அவளும் சேர்ந்து நடுவர் வேலை பார்க்கத் தொடங்கிப் பல வருடமாகிவிட்டது. என் பெயர் சிலுவைராஜ். வார நாளில் காப்பீடு விற்கிறேன், வார இறுதியில் வசவு வாங்குகிறேன். டானியலா ஒரு காலத்தில் எங்கள் மாதா கோவில் பெண்கள் அணியின் ஆட்டக்காரி. முட்டி போனதும் எல்லாரும் இனி கோவில் பாட்டுக்குழுதான் என்றார்கள். அவள் நேராகப் போய் நடுவர் பயிற்சியில் பெயர் கொடுத்தாள். அம்மா அல்போன்சம்மாள் ஒரு வாரம் பேசவில்லை. "ஆம்பளைங்க நடுவுல விசில் ஊதுற பிழைப்பு நமக்கு எதுக்குடி?" என்று கேட்டுத்தான் அப்புறம் பேச்சையே தொடங்கினார்.

போன ஞாயிறு ஜூரோங்கில் இறுதி ஆட்டம். மாதா கோவில் அணிக்கும், கப்பல் பட்டறையிலும் ஐடி கம்பெனிகளிலும் வேலை பார்க்கும் தமிழ்நாட்டுப் பையன்கள் சேர்ந்து கட்டிய அணிக்கும். எனக்கு ஜோடியாக வரவேண்டிய நடுவர் காலையில் வயிற்றுப்போக்கு என்று போன் செய்துவிட்டார். சுற்றிச் சுற்றிப் பார்த்தால் டானியலாதான் மிச்சம். ஆனால் மாதா கோவில் அணியின் கேப்டன் ஆர்னால்ட் அவளுடைய சொந்தத் தம்பி. ஒரே வீடு, ஒரே கார்.

எதிரணிப் பயிற்சியாளர் வெங்கட்டிடம் கேட்டேன். "டானியலா அக்காவா? பரவாயில்ல, ஊதட்டும்" என்றான். அந்த ஒரு வார்த்தைதான் அவளுக்குச் சொத்து. யாருக்கும் சாயமாட்டாள் என்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நம்பினார்கள். அது போனால் இந்தத் தீவில் யாரும் அவளை மறுபடி ஆட்டத்துக்குக் கூப்பிடமாட்டார்கள். அது தெரிந்துதான் அன்று ஆட்டத்துக்கு முன்னால் ஹாலைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருந்தாள். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

ஆர்னால்டுக்கும் அது சாதாரண ஆட்டமில்லை. அடுத்த மாதம் வேலை மாறி நாட்டைவிட்டே பெர்த்துக்குப் போகிறான். இத்தனை வருடத்தில் கோப்பையைத் தொட்டதில்லை. ஜெயித்தால் தேக்கா சந்தையில் எல்லாருக்கும் பிரியாணி என்று அல்போன்சம்மாள் கடையில் முன்கூட்டியே சொல்லி வைத்துவிட்டார். அந்த அம்மாளுக்குத் தோல்வி என்ற யோசனையே கிடையாது.

இரண்டாம் கால்பகுதியில் முதல் தலைவலி. எதிரணியின் ரகுபதி, ஒல்லியான பையன், கூடைக்கு எகிறினான். ஆர்னால்ட் எதிரே நின்று அவனும் எகிறினான். கை பந்தில் பட்டு, அங்கிருந்து வழுக்கி ரகுபதியின் மூக்கில் விழுந்தது. பொலபொலவென்று ரத்தம். டானியலா விசில் ஊதி ஒரு முஷ்டியை மட்டும் உயர்த்தினாள். சாதாரண பெர்சனல் ஃபவுல்.

வெங்கட் கொதித்துப்போனான். "அக்கா, ரத்தம் கொட்டுது! இது ஃபிளேக்ரண்ட்! வெளிய அனுப்புங்க!"

"பந்துக்குப் போன கை, வெங்கட். வேகமும் அளவாத்தான் இருந்துச்சு. ரெண்டு ஃப்ரீ த்ரோ, அவ்வளவுதான்."

"தம்பின்னா அளவு மாறிடும் போல" என்று எதிரணிக் கூட்டத்திலிருந்து ஒரு குரல் வந்தது. டானியலா திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் அவள் காது சிவந்ததை நான் பார்த்தேன்.

அவள் சொன்னது முழுக்கச் சரி. ரத்தத்தை வைத்து ஃபவுலை அளக்க முடியாது. சந்தை நெரிசலில் தோள் இடித்துவிடுகிற மாதிரி ஒன்று உண்டு. ஆட்டத்துக்குள் நடக்கிற அது பெர்சனல் ஃபவுல். ஐந்து சேர்ந்தால்தான் ஆள் வெளியே. உடம்பே படாமல் வாயாலும் நடத்தையாலும் செய்வது டெக்னிக்கல். எதிரணிக்கு ஒரு ஃப்ரீ த்ரோ, அதாவது தடுக்க ஆளில்லாமல் கூடைக்கு ஒரு எறி, விழுந்தால் ஒரு புள்ளி; பிறகு ஆட்டம் நின்ற இடத்திலிருந்தே தொடரும். மூன்றாவது, பந்துக்கு முயலாமல் ஆளைப் பிடிப்பது, தள்ளுவது, அல்லது முயன்றாலும் அளவுமீறி அடிப்பது. அமெரிக்க ஆட்டத்தை டிவியில் பார்ப்பவர்கள் அப்படிப்பட்டவற்றை ஃபிளேக்ரண்ட் என்பார்கள். நாங்கள் ஆடும் சர்வதேச விதியில் அன்ஸ்போர்ட்ஸ்மன்லைக். அதற்கு இரண்டு ஃப்ரீ த்ரோ, போதாததற்குப் பந்தும் எதிரணிக்கே. ஒரே ஆட்டத்தில் ஒருவன் டெக்னிக்கல் ஒன்று, இந்த மூன்றாவது வகை ஒன்று வாங்கினால் கதை முடிந்தது. ஆட்டத்திலிருந்து நீக்கம், பெஞ்சிலும் உட்காரக்கூடாது.

மூன்றாம் கால்பகுதியில் ஆர்னால்டுக்கு டெக்னிக்கல் கொடுத்தவன் நான். பந்தைத் தட்டாமலே கால் நகர்ந்துவிட்டது என்று டிராவலிங் ஊதினேன். என் முகத்துக்கு நேரே கைதட்டினான். எச்சரித்தேன். உடனே இரண்டு கையையும் வட்டமாக மடக்கிக் கண்ணாடி போல் கண்ணில் வைத்துக் காட்டினான். கூட்டம் சிரித்தது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம். கைகளை 'டி' என்று சேர்த்துக் காட்டினேன்.

"ஒரு த்ரோ தானே லா, எடுத்துக்கட்டும்" என்று ஆர்னால்ட் தோளைக் குலுக்கிவிட்டுப் போனான். டானியலா தூரத்தில் நின்று அவனையே பார்த்தாள். அவள் மனது கணக்குப் போட ஆரம்பித்துவிட்டது என்று எனக்குத் தெரியும். என் மனதும்தான். அதற்குப் பிறகு எனக்கு ஓடவே பிடிக்கவில்லை. ஆர்னால்ட் யார் பக்கத்தில் போனாலும் அவன் கையையே பார்த்தேன்.

கடைசி நிமிடம். மாதா கோவில் அணி ஒரு புள்ளி முன்னால். கோப்பையைக் கையில் வாங்கினதாகவே நினைத்து அவர்கள் பெஞ்ச் முழுக்க எழுந்து நிற்கிறது. அப்போது ஆர்னால்ட் கொடுத்த பாஸ் தவறி ரகுபதி கையில் விழுந்தது. ரத்தம் நின்று, மூக்கில் பஞ்சோடு மறுபடி உள்ளே வந்திருந்தான் அவன். எதிரே ஒரு ஆள் இல்லை. கூடை மட்டும்தான்.

ஆர்னால்ட் பின்னாலிருந்து துரத்திப் பிடித்தான். நிஜமாகவே பிடித்தான். இரண்டு கையாலும் ரகுபதியின் இடுப்பைச் சுற்றி, கீழே விழாமல் தாங்கிக்கொள்கிற மாதிரி. ரகுபதிக்குச் சின்னக் கீறல்கூட இல்லை. சிரித்துக்கூட விட்டான்.

என் விசிலும் டானியலாவின் விசிலும் ஒன்றாக ஒலித்தன. எந்த ஃபவுலுக்கும் முதலில் ஒரு முஷ்டிதான் உயரும். என் முஷ்டி உயர்ந்து அதோடு நின்றது. டானியலாவின் முஷ்டி உயர்ந்தது, அவளுடைய இன்னொரு கையும் மெதுவாக மேலே போய் அந்த மணிக்கட்டைப் பிடித்தது. மூன்றாவது வகைக்கான சைகை அது.

ஹாலே இரைந்தது. நான் அவளிடம் ஓடினேன். "டானி, இத நான் எடுத்துக்குறேன். சாதாரண ஃபவுல்னு மேசையில சொல்லிடுறேன். உனக்கு எதுக்கு இந்த வம்பு?"

அவள் மூச்சு வாங்கினாள். "பந்துக்கா போனான்?"

பந்து ரகுபதியின் வலது கையில் துள்ளிக்கொண்டிருந்தது. ஆர்னால்டின் பத்து விரலும் இடுப்பில். "இல்ல" என்றேன்.

"அப்புறம் என்ன லா" என்று சொல்லிவிட்டு அவள் மேசைப் பக்கம் நடந்தாள்.

ஆர்னால்ட் நம்பவில்லை. "அக்கா, அவன் மூக்க உடைச்சப்போ சாதாரண ஃபவுல். இப்போ கட்டிப்பிடிச்சதுக்கு வெளிய போகணுமா?"

"டெக்னிக்கல் ஒண்ணு, இது ஒண்ணு. கிளம்பு, ஆர்னால்ட்." குரல் நடுங்கவில்லை. விசில் கயிறு மட்டும் விரலில் இறுகிக்கொண்டே போனது.

எங்கள் கோவில் ஆட்கள் வாயில் வந்ததையெல்லாம் சொன்னார்கள். அப்போது கொடுத்த சலுகைக்கு இப்போது பரிகாரம் செய்கிறாள், நல்ல பெயர் வாங்கத் தம்பியை விற்றுவிட்டாள் என்று. பாதிரியார் முன்னிலையிலேயே. எனக்கு ஏறி அறையலாம் போல இருந்தது. அல்போன்சம்மாள் கைப்பையை எடுத்துக்கொண்டு மகன் பின்னாலேயே வெளியே போனார்.

ரகுபதி முதல் த்ரோவைத் தவறவிட்டான். இரண்டாவது விழுந்தது. புள்ளி சமம். சாதாரண ஃபவுலாக இருந்திருந்தால் அதோடு பந்து நம்மவர்களுக்கு வந்திருக்கும். வரவில்லை. பந்து மறுபடி எதிரணிக்கு. அதையும் கூடையில் போட்டார்கள். இரண்டு புள்ளியில் கோப்பை போனது. வெங்கட் வந்து டானியலாவின் கையைப் பிடித்துக் குலுக்கினான். அவள் எங்கேயோ பார்த்துக்கொண்டு தலையாட்டினாள்.

கார் நிறுத்துமிடத்துக்கு நானும் கூடப் போனேன். வழக்கமாக ஓட்டமாக நடப்பவள் அன்று கால் இழுத்து நடந்தாள். காரின் மீது சாய்ந்து ஆர்னால்ட் நின்றான். சாவி இவள் பையில். வேறு எங்கே போவான்? அல்போன்சம்மாள் பக்கத்துத் திட்டில் உட்கார்ந்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

டானியலா சாவியைத் தேடுகிற சாக்கில் பையைக் கிளறிக்கொண்டே இருந்தாள்.

"அக்கா, பந்துக்குப் போயிருந்தா?" என்றான் ஆர்னால்ட்.

"போயிருந்தா சாதாரண ஃபவுல். நீ உள்ள இருந்திருப்ப."

"எட்டியிருக்கும்" என்றான் அவன். "பக்கத்துல வந்துட்டேன், கை நீட்டியிருந்தா பந்து எட்டியிருக்கும். ஆனா அந்தப் பையன் மூக்குல பஞ்சு இருந்துச்சு. மறுபடி கைய வீசினா உடைஞ்சிடுமோன்னு ஒரு பயம். அதான் இடுப்பப் பிடிச்சேன்."

எந்த விதியிலும் இதற்கு ஓர் இடம் இல்லை. டானியலா பையைக் கிளறுவதை நிறுத்தினாள்.

"தெரியும்டா" என்றாள். "விசில வாயில வெக்கும்போதே தெரியும். அவன் விழாம நீ தாங்கினத நான் பார்த்தேன்."

அல்போன்சம்மாள் திரும்பிப் பார்த்தார். "தெரிஞ்சுமாடி ஊதின?"

"ஆமாம்மா. தெரிஞ்சுதான் ஊதினேன்."

சொல்லிவிட்டு அழுதாள். நின்ற இடத்திலேயே, ஒரு அடிகூட நகராமல். இத்தனை வருடத்தில் அவள் அப்படி அசையாமல் நின்று நான் பார்த்ததில்லை. ஆர்னால்ட் அவள் கையிலிருந்த பையை வாங்கிச் சாவியை எடுத்தான்.

"பிரியாணி ஆறிடும்" என்று அல்போன்சம்மாள் எழுந்தார். மகளின் பக்கம் வந்து முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்தார், கொஞ்சம் அழுத்தமாகவே. "ஏறுங்க எல்லாரும். சிலுவை, நீயும்தான்."