நோயாளி இல்லாத மருந்து

மருத்துவமனையில் எல்லோருக்கும் அவர் "கணக்கக்கா". இரவில் கணினியில் தானாக ஓடும் குவெரிகள், அதாவது பதிவுகளைச் சரிபார்க்கும் கட்டளைகள், பிடித்துத் தரும் தவறுகளைக் காலையில் பார்ப்பது அவர் வேலை. பெரும்பாலும் சிரிப்புதான்: அடுத்த ஆண்டு பிறக்கப்போகும் கிழவர், சேரும் முன்பே வீடு திரும்பியவர்.

அன்று சிரிப்பு வரவில்லை. எந்த நோயாளியோடும் சேராமல் சில ஊசிப் பதிவுகள் அனாதையாக நின்றன. எல்லாம் ஒரே வார்டு. மருந்தின் அளவோ அனுமதித்த எல்லையைப்போல் பத்து மடங்கு. பழைய காப்புப் பிரதியில் அந்த நோயாளிகள் இருந்தார்கள், ஊசி போட்ட அன்றே இறந்தவர்களாக. யாரோ பட்டியலிலிருந்து ஆளை அழித்துவிட்டு மருந்தை மறந்திருந்தார்கள்.

வார்டின் பெரிய டாக்டரிடம் கேட்டார்.

"அனாதை வரிதானே, அழிச்சிடுங்கம்மா."

"வரிதான் சார் அனாதை. அந்த ஆளுங்களுக்குப் பிள்ளைகுட்டி இருக்கே."

மறுநாள் அறிக்கை சுத்தமாக இருந்தது. சந்தேகப்பட்டுக் குவெரியைத் திறந்தார். அந்த வார்டை மட்டும் விட்டுவிடச் சொல்லி ஒரு நிபந்தனை புதிதாகச் சேர்ந்திருந்தது. அதை நீக்கிவிட்டுத் தானே ஓட்டினார். எல்லை மீறிய புதிய அளவு ஒன்று வந்தது. நோயாளி இன்னும் பட்டியலில் இருந்தார். ஊசி அன்று மதியத்துக்கு.

மூச்சிரைக்க மாடியேறி, ஊசி போடப்போன நர்ஸின் கையைப் பிடித்தார்.

"பெரிய டாக்டர் எழுதினது, அக்கா," என்றாள் அவள்.

ஊசி ஏறவில்லை. காவல் நிலையத்துக்குப் போன் செய்தபடி அவர் கட்டிலருகே நின்றார். கதவருகே டாக்டரும் நின்றிருந்தார்.