இருதயம் வீட்டுப் பச்சைச் சாயம்

பெட்டாலிங் ஜெயாவில் நாறிக் கிடந்த ஏரியைச் சுத்தம் செய்யும் வேலையில் இருதயம் மேற்பார்வையாளர். கழிவுநீர் வருவது நின்றால்தான் சேறு அள்ளலாம். சேறு அள்ளினால்தான் கரையில் கோரை நடலாம். அதனால் மேட்டிலிருந்த வீடுகளின் கழிவறைகளில் ஒவ்வொன்றாகப் பச்சைச் சாயம் ஊற்றினார்கள். மழைநீர்க் கால்வாயில் பச்சை வந்தால் அந்த வீட்டுக் குழாய் திருட்டுக் குழாய்.

திருடனைப் பிடிக்கும் இருதயத்தின் வீடும் அந்த வரிசையில்தான். பின்கட்டில் புதிதாகக் கட்டிய கழிவறையின் குழாயைச் செலவுக்குப் பயந்து கால்வாயில் விட்டவர் அவரே. தெரிந்தால் வேலை போய்விடும். தன் வீட்டுச் சாயத்தை ஊற்றாமல், புட்டியைப் பின்கட்டில் ஒளித்துவிட்டு வந்தார்.

கால்வாய் ஏரியில் விழும் இடத்தில் எஞ்சினியர் சோலையப்பன் நின்றிருந்தார்.

“கடைசி உங்க வீடு. ஊத்தியாச்சாண்ணே?”

“ஆச்சு பாஸ்.” சட்டை முதுகில் ஒட்டியது.

வெகுநேரம் பார்த்தார்கள். தண்ணீர் நிறம் மாறவில்லை.

“சரி லா, சேறு அள்ள லோரி வரச் சொல்லிறலாம்.”

இருதயம் மூச்சுவிட்டார். அப்போதுதான் கால்வாய் கிளிப்பச்சையாக வந்தது. அழுக்குப் புட்டியைக் கண்டால் மனைவி பிலோமினா கழுவாமல் விடமாட்டாள். உள்ளே இருந்ததைக் கழிவறையில்தான் கொட்டியிருப்பாள்.

“யார் வீடு இது?”

பதில் சொல்லுமுன் இன்னொரு பச்சை அலை வந்தது.

“எங்க வீடு பாஸ்,” என்றார் இருதயம். “ரெண்டு தடவை தண்ணி இழுத்துவிடறவ என் வீட்டுக்காரி ஒருத்திதான்.”

எஞ்சினியர் சிரிக்கவில்லை.

“லோரி நிக்கட்டும். சங்குல் எடுங்கண்ணே, முதல்ல உங்க குழாயை வெட்டுவோம். வேலையப் பத்தி அப்புறம் பேசலாம்.”

மண்வெட்டியைத் தூக்கினார் இருதயம். தன் வீட்டுப் பின்கட்டுக்கு நடந்தார்.