குட்டை வாழையும் மெத்தில் புள்ளியும்

அந்த அக்கா பஸ்ஸில் வாழைக்கன்றுக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்து, பக்கத்துச் சீட்டில் உட்காரவைத்துக் கொண்டுவந்திருந்தார். உத்தமபாளையம் பக்கம் அனுமந்தன்பட்டியிலிருந்து தேனிக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். மண்ணோடு தோண்டி, சாக்கில் கட்டி, இலை ஒடியாமல் கொண்டுவந்து எங்கள் பரிசோதனைக்கூடத்து மேசையில் டம்மென்று வைத்தார்.

"இது என்னன்னு சொல்லு ஆத்தா" என்றார்.

இரண்டாயிரங்களின் பிற்பாதி. கம்பம் பள்ளத்தாக்கு முழுக்கத் திசு வாழை பரவிக்கொண்டிருந்தது. தேனிக்கு வெளியே ஒரு திசு வளர்ப்புக் கூடத்தில் நான் வேலை பார்த்தேன்; மதுரையில் முனைவர் பட்டத்துக்கும் பதிந்திருந்தேன். வாழைக் கிழங்கின் நுனியை மிளகளவு வெட்டி, கண்ணாடிக் குடுவையில் போட்டு, ஒன்றை நாலாக்கி நாலைப் பதினாறாக்குவது என் வேலை. ஒரே தாயின் நகல்கள் என்பதால் எல்லாக் கன்றும் ஒரே மாதிரி வளரும் என்று சொல்லித்தான் விற்போம்.

மேசைமேல் இருந்தது ஐந்து மாதக் கன்று. என் இடுப்புக்கும் கீழே நின்றது. இலைக்காம்பு குட்டை, இலைகள் ஒன்றன்மேல் ஒன்றாக நெருங்கி விசிறி மாதிரி இருந்தன.

"பத்துக்கு ரெண்டு மூணு இப்படித்தான் நிக்குது. மத்ததெல்லாம் என் தலைக்கு மேல போயிருச்சு. ஒரே குழி, ஒரே தண்ணி, ஒரே உரம். நீங்க வேற ரகத்தக் கலந்து குடுத்துட்டீக."

கூடத்தை நடத்திய சார் உள்ளிருந்து வந்தார். இலையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "முடிக்கொத்து நோயா இருக்கும்மா. அசுவினிப் பூச்சி பரப்பியிருக்கும்" என்றார்.

"நோய்னா பக்கத்து மரத்துக்கும் வந்திருக்கணும்ல?" என்றார் அக்கா. இலைத் துண்டுகளை எடுத்துக்கொண்டு, சோதித்துச் சொல்கிறோம் என்று அனுப்பிவைத்தோம்.

முடிக்கொத்து வைரஸால் வருவது; சோதனையில் அந்த வைரஸ் இல்லை. அடுத்தது ரகம். குட்டையிலிருந்தும் நெட்டையிலிருந்தும் தாய்மரத்திலிருந்தும் டிஎன்ஏவைப் பிரித்து ரகத்துக்கு ரகம் மாறும் அடையாளப் பட்டைகளை ஒப்பிட்டேன். மூன்றும் ஒன்றுபோல இருந்தன. கலப்படம் கிடையாது.

சாருக்கு ஏகக் குஷி. எல்லாருக்கும் வடை வாங்கிவரச் சொன்னார். "டிஎன்ஏ ஒண்ணுதான்னு எழுதிக் குடுத்துரு. முடிஞ்சது விஷயம்."

வடையைத் தட்டிலேயே வைத்துவிட்டு என் நோட்டை எடுத்தேன். என்னை உறுத்தியது அதில் இருந்தது. ஒரு நுனியிலிருந்து எட்டு முறைக்கு மேல் பெருக்கக்கூடாது என்பது கூடத்தின் விதி. அக்காவுக்குப் போன தொகுதியை நான் பதிமூன்று முறை பெருக்கியிருந்தேன். நடவுப் பருவம் நெருங்கிவிட்டது, ஆர்டர் குவிந்துகிடந்தது, புதிய தாய்மரம் கைவசம் இல்லை. ஒவ்வொரு முறையும் "இன்னும் ஒரு தடவை" என்று நினைத்துச் செய்தது. யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

டிஎன்ஏவின் எழுத்து மாறாமலே ஒரு மரபணு அடங்கிப்போகும் என்பது பாடத்தில் படித்ததுதான். டிஎன்ஏவின் நாலு எழுத்துகளில் சி என்ற எழுத்தின்மேல் மெத்தில் என்கிற சின்ன வேதித்துணுக்கு ஒட்டிக்கொள்ளும். ஒரு கார்பன், மூன்று ஹைட்ரஜன், அவ்வளவுதான். மரபணுவின் தொடக்கப் பகுதியில் இது அடர்த்தியாக ஒட்டினால் அந்த மரபணு பெரும்பாலும் வேலை செய்யாது. குடுவைக்குள் நீண்ட காலம் பெருக்கினால் இந்தக் குறிகள் தாறுமாறாகும் என்று பேசிக்கொண்டிருந்த காலம். மதுரையில் என் ஆய்வு வழிகாட்டியான பேராசிரியர் அம்மாவுக்குப் போன் போட்டேன். அவர் டிஎன்ஏவை வெட்டும் இரண்டு நொதிகளை ஐஸ் பெட்டியில் வைத்து, குமுளி பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்பினார்.

பஸ் ஸ்டாண்டில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். நான் எழுவதற்குள் அந்த பஸ் ரெண்டே நிமிஷம் நின்று, பெட்டியோடு கிளம்பிவிட்டது.

ஐஸ் உருகினால் நொதி போச்சு. கூடலூரில் தம்பி ஜீப் ஓட்டுகிறான் என்று அக்கா சொல்லியிருந்தது அந்தப் பதற்றத்திலும் ஞாபகம் வந்தது. அக்காவுக்குப் போன் அடித்து, ஐஸ் பெட்டி பஸ்ஸோடு போய்விட்டதைச் சொன்னேன்.

"என்ன ஆத்தா, ஐஸ்கிரீமா?"

"இல்லக்கா, மருந்து. உங்க வாழைய சோதிக்கத்தான்."

அவர் தம்பி ஜீப்பைக் குறுக்கே நிறுத்தி பஸ்ஸை மறித்தாராம். பெட்டியை இறக்கி, தெரிந்த கடையில் குச்சி ஐஸ் பெட்டிக்குள் வைத்துவிட்டார். நான் போய்ச் சேர்ந்தபோது என் நொதிகள் பால் ஐஸுக்கும் சேமியா ஐஸுக்கும் நடுவில் சௌக்கியமாக இருந்தன.

"ஏம்மா, இதத் தொறந்து பாத்தேன், பேனா மூடி கணக்கா ரெண்டு இருக்கு. இதுக்கா நீ பஸ்ஸ மறிச்சன்னு கடைக்காரன் சிரிக்கிறான்" என்றார் தம்பி. ஆனால் பத்திரமாகக் கொடுத்தார்.

இரண்டு நொதிகளும் டிஎன்ஏவில் சிசிஜிஜி என்று வரும் ஒரே இடத்தைத்தான் வெட்டும். உள்ளே இருக்கும் சி மீது மெத்தில் இருந்தால் ஒன்று வெட்டாமல் விட்டுவிடும். மற்றது கவலைப்படாமல் வெட்டும். இரண்டும் வெட்டியதை அருகருகே ஓட்டி ஒப்பிட்டால் மெத்தில் எங்கே என்று தெரிந்துவிடும். மறுநாள் காலை மின்வெட்டுக்கு முன்னால், துண்டுகளை நீளவாரியாகப் பிரிக்கும் ஜெல்லை ஓட்டி முடித்தேன். அடையாளப் பட்டைகளில் ஒன்றுபோல நின்ற குட்டையும் நெட்டையும் இதில் பல இடங்களில் பிரிந்து நின்றன.

பிறகு மதுரைக்கும் தேனிக்குமாக அலைந்தேன். உயரத்துக்குத் தேவையான ஹார்மோனோடு தொடர்புடைய ஒரு மரபணுவைப் பேராசிரியர் அம்மா பார்க்கச் சொன்னார். எழுத்தெழுத்தாகப் படித்தோம், குட்டையிலும் நெட்டையிலும் ஒரே எழுத்துதான். அடுத்து பைசல்ஃபைட் என்ற ரசாயனத்தைப் போட்டுப் படித்தோம். அது மெத்தில் இல்லாத சியை மட்டும் வேறு எழுத்தாக மாற்றும். மெத்தில் உள்ள சி அப்படியே நிற்கும். குட்டையில் அந்த மரபணுவின் தொடக்கம் முழுக்க சி சியாக நின்றது. அந்த மரபணுவிலிருந்து வர வேண்டிய ஆர்என்ஏ ஏறக்குறைய இல்லவே இல்லை.

டிஎன்ஏ சும்மா கிடப்பதில்லை. ஹிஸ்டோன் என்ற புரத உருண்டைகளைச் சுற்றிக்கொண்டிருக்கும். அந்தப் புரதத்தின் வால்களில் அசிட்டைல் என்ற வேதிக்குறி இருந்தால் சுற்று தளர்ந்து மரபணு படிக்கக் கிடைக்கும். குறியை எடுத்துவிட்டால் இறுகிக்கொள்ளும். அந்தக் குறியைப் பிடிக்கும் எதிர்ப்பொருளைப் போட்டு சோதனை செய்தேன். முதல் மூன்று முறை கண்ணராவி. நாலாவது முறை தெளிவாக வந்தது. குட்டை வாழையில் அந்த இடத்தில் அசிட்டைல் குறி மிகக் குறைவு. மேலே மெத்தில், கீழே இறுகிய சுற்று. மரபணுவுக்கு இரட்டைப் பூட்டு.

சாரிடம் எல்லாவற்றையும் விரித்து வைத்தேன், நோட்டு உட்பட. பதிமூன்று என்ற இடத்தில் அவர் விரல் நின்றது.

"ஏன் சொல்லல?"

"பயம் சார்."

நோட்டை மூடி என்னிடமே நீட்டினார். "இத உன் ஆராய்ச்சியில எழுதிக்க. அந்தம்மாகிட்ட டிஎன்ஏ ஒண்ணுதான்னு மட்டும் சொல்லு. பொய் இல்லையே?"

பொய் இல்லைதான். ஆனால் பஸ்ஸை மறித்த ஜீப் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை யாரிடமும் சொல்லாமல் அனுமந்தன்பட்டிக்குப் போனேன்.

மேற்கே மலைக்கணவாயிலிருந்து காற்று பிய்த்துக்கொண்டு வீசிய மாதம். அக்கா முட்டுக்கம்பு கொடுத்துக்கொண்டிருந்தார். நெட்டை வாழைகளில் சில முறிந்து கிடந்தன. வரப்பில் உட்கார்ந்து, நீங்கள் சொன்ன மாதிரி வேறு ரகம் கலக்கவில்லை, ஆனாலும் தப்பு என்னுடையதுதான் என்று சொன்னேன்.

"ஒண்ணும் கலக்கலங்கிற, உன் தப்புங்கிற. வெளங்கச் சொல்லு."

மண்ணில் குச்சியால் 'க' எழுதினேன். "இது என்னக்கா?"

"கானா."

மேலே ஒரு புள்ளி வைத்தேன். "இப்ப?"

"இக்கு."

"எழுத்த அழிச்சேனா?"

"இல்ல. புள்ளி வச்ச. சத்தம் உள்ள போயிருச்சு."

"உங்க வாழையில உயரமா வளரச் சொல்ற எழுத்து அப்படியே இருக்குக்கா. அதுமேல புள்ளி விழுந்துருச்சு. அதிக தடவ பெருக்குனதுல வந்தது. பெருக்குனது நான்."

அக்கா குச்சியை வாங்கி அந்தப் புள்ளியைச் சுற்றி வட்டம் போட்டார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்துத் தலையைக் குனிந்திருந்தேன்.

"ஆறு மாசமா என் மண்ண நானே சந்தேகப்பட்டேன்" என்றார். "எம்புருசன் கிணத்துத் தண்ணியக் குத்தம் சொன்னாக. பக்கத்துத் தோட்டத்துக்காரன் கண்ணு பட்டுருச்சுன்னான். இத முன்னமே சொல்லியிருந்தா என்னத்தா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் தேற்றவில்லை. முட்டுக்கம்பு ஒன்றை என் கையில் கொடுத்து, "பிடி, இங்கன ஊனு" என்றார். மதியம்வரை ஊன்றினேன். கை கொப்பளித்தது. பிறகு கம்பங்கூழும் மோர் மிளகாயும் கிடைத்தன.

திங்கட்கிழமை சாரிடம் போய்ச் சொல்லிவிட்டேன். வேலையை விட்டுத் தூக்குவார் என்று நினைத்துப் பையைக்கூடத் தயாராக வைத்திருந்தேன். அவர் கத்தினார், நன்றாகவே கத்தினார். சாயங்காலம் கூப்பிட்டு, "அந்தம்மாவுக்கு எத்தன கன்னு குறையுது?" என்று கேட்டார். அடுத்த நடவுக்குப் புதிய தாயிலிருந்து, எட்டு முறைக்குள் பெருக்கிய கன்றுகள் அனுமந்தன்பட்டிக்குப் போயின. எட்டாவது முறை முடிந்ததும் குடுவைகளை அழித்துவிட வேண்டும் என்று சுவரில் பெரிதாக எழுதி ஒட்டினார். எத்தனையாவது முறை என்று குடுவையில் எழுதியது மங்கலாக இருந்தால், யாராக இருந்தாலும் திரும்ப எழுதச் சொல்வார்.

குட்டை வாழைகள் காற்றுக்கு ஒன்றுகூட விழவில்லை. ஊரில் சிலர் இதுதான் நல்ல ரகம் என்று கன்று கேட்டார்களாம். தார் தள்ளும்போது உண்மை தெரிந்தது: பலவற்றில் தார் மரத்தின் கழுத்திலேயே சிக்கிக்கொண்டு வெளியே வரவில்லை, வந்த தார்களும் சிறுத்திருந்தன. கேட்டவர்கள் கமுக்கமாக ஒதுங்கிக்கொண்டார்கள்.

செல் பிரியும்போது மெத்தில் குறியைப் படியெடுக்கும் நொதியை முடக்குகிற மருந்து ஒன்று உண்டு. குட்டையின் நுனிகளை அதில் வளர்த்துப் பார்த்தேன். பாதி செத்துப்போயின. பிழைத்ததில் ஒருசில நெட்டையாக வளர்ந்தன; அவற்றில் அந்த மரபணு மறுபடி பேசியது. காரணம் முழுக்க இது ஒன்றுதான் என்று சத்தியம் செய்ய முடியாது, மருந்து வேறு இடங்களையும் தொட்டிருக்கும். ஆனாலும் என் ஆய்வேட்டின் கடைசி அத்தியாயம் அதுதான்.

அக்கா பத்துப் பன்னிரண்டு குட்டைகளை வெட்டாமல் ஓரத்தில் விட்டுவைத்திருந்தார். எதுக்கு என்று கேட்டால், "பாப்போம்" என்பார். அவற்றின் பக்கக்கன்றுகளும் குட்டையாகவே வந்தன. குறி தாயிடமிருந்து கன்றுக்கு அதன் செல்கள் வழியாகவே போகிறது என்று போனில் சொன்னேன். அடுத்த வருடம் ஒருநாள், நான் மதுரையில் வாய்மொழித் தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருந்தபோது கூப்பிட்டார்.

"ஆத்தா, ஓரத்துல ஒரு பக்கக்கன்னு மட்டும் தாயவிட நெட்டையா எந்திரிச்சு வருது. நான் எந்த மருந்தும் வைக்கல."

"புள்ளி தானா கலைஞ்சிருக்கும்க்கா. சில நேரம் அப்படியும் ஆகும்."

"என்னமோ போ. இலை வேணும்னா வந்து வெட்டிக்கிட்டுப் போ. சீக்கிரம் வா, பெருசாயிரும்."

மறுநாள் காலை முதல் பஸ்ஸில், மடியில் ஐஸ் பெட்டியோடு கிளம்பினேன்.